ஒரே பக்கத்தில் நாலு கை: அடங்கலில் கணக்குப்பிள்ளை எழுதியது எது, அதிகாரி எழுதியது எது?

நங்கநல்லூர் சீனு, 2 பிப்ரவரி, இரவு 10.40

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தா பெயரில் 84 சென்ட் நஞ்சை. பெரியப்பா வீட்டார் அது தங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் கொடுத்திருப்பது கிராமப் பயிர்க்கணக்கான அடங்கலில், பசலி 1385-க்கு உள்ள ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ். பசலியோடு 590 கூட்டினால் 1975. அதாவது 1975 ஜூலை முதல் 1976 ஜூன் வரை உள்ள கணக்கு.

எங்கள் சர்வே நம்பருக்கு நேரே பட்டாதார் தாத்தா, பயிர் சம்பா நெல், அறுவடை தை. இது வரைக்கும் ஒரே கையெழுத்து, கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதியது. கடைசியில் குறிப்புக் கலத்தில் வேறு ஒரு கை: “பட்டாதார் அனுபவத்தில் இல்லை. பங்காளி சாகுபடி. சம்பா நெல் நேரில் பார்த்தேன்.” அதன் கீழே ஒரு சுருக்கொப்பம், 12-5-76 என்று தேதி.

அவர்கள் வக்கீல், இது ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து எழுதிய குறிப்பு என்கிறார். நான் சொல்கிறேன், இதையும் கர்ணம்தான் எழுதியிருக்கிறார், பேனாவை மாற்றிக்கொண்டு. அந்தக் காலத்து அதிகாரி இங்கிலீஷில் எழுதுவார், கணக்குப்பிள்ளை தமிழில் எழுதுவார். இது தமிழ். அவ்வளவுதானே? யாராவது சரி என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன்.

அண்ணாநகர் பாலு, 2 பிப்ரவரி, இரவு 11.15

ரொம்ப சிம்பிள். பச்சை மை என்றால் அதிகாரி. நீலம், கறுப்பு என்றால் குமாஸ்தா. சிவப்பு என்றால் தணிக்கை. வங்கியில் 34 வருடம் இதைத்தான் பார்த்தேன். மையைப் பாருங்கள், முடிந்தது கதை.

நங்கநல்லூர் சீனு, 3 பிப்ரவரி, காலை 7.05

பாலு சார், ஜெராக்ஸ் என்று எழுதியிருக்கிறேனே. எல்லாமே கறுப்பு. சிவப்புப் பென்சிலில் போட்ட டிக்கும், தாளில் இருந்த அழுக்கும் ஒரே மாதிரி தெரிகிறது.

பழைய தாலுகா, 3 பிப்ரவரி, காலை 9.30

பணி ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் நான். சீனு தம்பியும் தப்பு, பாலு சாரும் பாதிதான் சரி.

மொழியை வைத்துப் பிரிப்பது வெள்ளைக்காரன் காலத்து ஏடுகளுக்குப் பொருந்தும். 1976-இல் ஆர்.ஐ. தமிழில்தான் எழுதுவார். பச்சை மை கெஸட்டட் அதிகாரிகளின் வழக்கம். ஆர்.ஐ. அந்த வரிசையில் வருகிறவர் இல்லை. அவர் பையில் எந்தப் பேனா இருந்ததோ அதில் எழுதினார். அதனால் குறிப்பு பச்சையாக இல்லை என்பதாலேயே அது ஆர்.ஐ. எழுதியது இல்லை என்று ஆகாது. பச்சையாக இருந்துவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் அந்தப் பக்கத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். கர்ணம் மாதாமாதம் வயல்வெளி போய் எந்த நம்பரில் என்ன பயிர் என்று எழுதுவார். அவர் எழுத்தில் வினைச்சொல்லே இருக்காது. “சம்பா நெல்”, “தை”, “ஏரிப் பாசனம்”, “தரிசு” என்று பெயர்ச்சொல்லாக அடுக்கிக்கொண்டு போவார். அது பட்டியல். பட்டியலில் யாரும் பேசமாட்டார்கள். ஆர்.ஐ. பயிர் நிற்கும்போது வந்து சில நம்பர்களை மட்டும் பொறுக்கி வயலில் போய்ப் பார்ப்பார். அஜ்மாயிஷ் என்போம். அவர் எழுதினால் அதில் ஆள் இருக்கும்: “பார்வையிட்டேன்”, “சரி”, “அடுத்த முறை எல்லையைச் சரியாகக் குறிக்கவும்”. கடைசியில் ஜமாபந்தி. அங்கே யாரும் வயலைப் பார்ப்பது இல்லை, கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே “பார்த்தேன்” என்ற சொல்லின்படி உங்கள் குறிப்பு கர்ணத்தின் பேச்சு இல்லை. பெரியப்பா வீட்டு வக்கீல் அந்த அளவுக்குச் சரி.

நங்கநல்லூர் சீனு, 3 பிப்ரவரி, காலை 9.52

போச்சுடா.

தாம்பரம் விஜயா, 3 பிப்ரவரி, மதியம் 1.10

எனக்கும் இதே பிரச்சினைதான். என் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைக் குமாஸ்தா தப்பாக எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறார். அதிகாரி கையொப்பம் பக்கத்தின் கீழேதான் இருக்கிறது, அடித்த இடத்தில் இல்லை. ஓய்வூதியம் வாங்கும் நேரத்தில், திருத்தத்துக்கு மேலொப்பம் எங்கே என்று கேட்டார்கள். எட்டு மாதம் அலைந்தேன். திருத்தத்தின் மேலேயே அதிகாரி சுருக்கொப்பம் போட்டிருக்க வேண்டுமாம். இது எனக்கு எப்படித் தெரியும்? பதிவேடு அவர்கள் பீரோவில்தானே இருந்தது. இதற்கு யாரிடம் மனுப் போடுவது என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய தாலுகா, 3 பிப்ரவரி, மதியம் 2.00

அம்மா, அது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் நீங்கள் தெரியாமலே சீனு தம்பிக்கு ஒரு பெரிய பாயிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஒப்பம் எதற்குப் போடப்பட்டதோ அதற்குத்தான் அது பொறுப்பு. பக்கத்தின் கீழே ஒப்பம் இருப்பதால் பக்கத்தில் உள்ள எல்லாமே அதிகாரியின் வார்த்தை ஆகிவிடாது. ஒப்பம் போட்டபோது பக்கத்தில் என்ன இருந்ததோ அதை மட்டும்தான் அது தாங்கும்.

தம்பி, ஜெராக்ஸை மடித்து வைத்துவிட்டு ஏட்டைப் போய்ப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் மட்டும் கேட்கிறார்கள் எல்லோரும். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். 10 ரூபாய் மனுதான்.

நங்கநல்லூர் சீனு, 9 மார்ச், இரவு 9.20

ஒரு மாதம் கழித்து வருகிறேன். ஏடு இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். கரையான் முதுகுப் பக்கத்தை மட்டும் தின்றிருந்தது. பதிவறைக் குமாஸ்தா நல்லவர், பக்கத்து மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஒரு மணி நேரம் விட்டார். பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

கர்ணத்தின் எழுத்து முழுவதும் மைப்பேனா. நீலக்கறுப்பு, இப்போது பழுப்பாகப் போயிருக்கிறது. தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. நம் நம்பருக்கான குறிப்பும், அதன் கீழே உள்ள சுருக்கொப்பமும் பால்பாயிண்ட். பின்பக்கம் தடவினால் கீறல் தெரிகிறது. செல்போன் டார்ச்சைத் தாளின் ஓரத்திலிருந்து படுக்கவைத்து அடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலாக நிற்கிறது. குறிப்பின் பள்ளம் ஆழம், சுருக்கொப்பத்தின் பள்ளம் லேசு. நிறமும் ஒன்று இல்லை. சுருக்கொப்பம் கொஞ்சம் ஊதா ஓடிய நீலம். குறிப்பு சுத்த நீலம்.

அதாவது ஜெராக்ஸில் ஒரே கை மாதிரித் தெரிந்தது உண்மையில் இரண்டு பேனா. நான் இதுவரை குறிப்பும் சுருக்கொப்பமும் ஒருவரே போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வக்கீலும் அப்படித்தான் நினைக்கிறார்.

அப்புறம் பக்கங்களைப் புரட்டினேன். 12-5-76 என்ற தேதியும் அதே சுருக்கொப்பமும் ஏடு முழுக்க இருக்கிறது! ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. கூட்டல் வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக், கீழே சுருக்கொப்பம், தேதி. எங்குமே ஒரு வார்த்தை கூடக் கிடையாது. வார்த்தை உள்ள ஒரே பக்கம் எங்கள் பக்கம்தான்.

அண்ணாநகர் பாலு, 9 மார்ச், இரவு 9.41

அப்படியானால் மோசடி உறுதி. போலீசில் கொடுங்கள்.

பழைய தாலுகா, 10 மார்ச், காலை 6.15

பாலு சார், கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி நல்ல வேலை செய்திருக்கிறார். ஒரே நாளில் ஏடு முழுக்க ஒரே சுருக்கொப்பம் என்றால் அது வயலில் போட்டது இல்லை. ஒரு கிராமத்தின் எல்லா நம்பரையும் ஒரே நாளில் யாரும் நடந்து பார்க்க முடியாது. அது மேஜையில் உட்கார்ந்து போட்டது. மே மாதம் ஜமாபந்திக்கு முந்திய கணக்குச் சரிபார்ப்பு.

இன்னொன்று. சென்னைக்காரர்களுக்கு இது தோன்றாது. சம்பா அறுவடை தை மாதம் என்று கர்ணமே அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். மே 12 என்றால் சித்திரைக் கடைசி. அறுத்து மூன்று மாதம் ஆன வயலில் சம்பா நெல்லை நேரில் பார்ப்பது எப்படி? செங்கல்பட்டுப் பக்கம் அந்த மாதத்தில் வயலில் ஏதாவது இருந்தால் நவரையின் தாள் இருக்கும், இல்லை சொர்ணவாரி நாற்று இருக்கும். சம்பா இருக்காது. பயிரைப் பார்த்தவன் எழுதிய தேதி அது இல்லை, அல்லது அந்தத் தேதியில் எழுதியவன் பயிரைப் பார்க்கவில்லை.

நங்கநல்லூர் சீனு, 10 மார்ச், காலை 6.40

ஐயா, இதை நான் ஒரு மாதமாகக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பார்க்கவில்லையே. “தை” என்ற சொல்லைப் படித்தேன், “12-5” என்பதையும் படித்தேன், இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை. எனக்கு மாதம் என்றால் சம்பளத் தேதி, அவ்வளவுதான்.

பாரிமுனைக் குமாஸ்தா, 10 மார்ச், இரவு 8.30

ஹைகோர்ட்டில் வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். ரொம்ப ஆடாதீர்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று சொல்கிறேன். “ஆர்.ஐ. மார்கழியில் வயலைப் பார்த்தார், மனசில் வைத்திருந்தார், மே மாதம் கணக்குப் பார்க்கும்போது எழுதினார். அப்போது பேனா தீர்ந்தது, வேறு பேனா வாங்கினார்.” உங்களால் இது பொய் என்று காட்ட முடியுமா?

இரண்டு பேனா என்பதால் இரண்டு ஆள் ஆகாது. ஒரு ஆள் இரண்டு பேனா, இரண்டு ஆள் ஒரு பேனா, இரண்டையும் பார்த்திருக்கிறேன். தாலுகா ஆபீஸில் மேஜைக்கு ஒரு பேனா நூலில் கட்டித் தொங்கும் காலம் அது.

நங்கநல்லூர் சீனு, 11 மார்ச், காலை 7.00

குமாஸ்தா சார், தூக்கம் போச்சு. ஆனால் ஒன்று விட்டுவிட்டேன், போட்டோவைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது.

மற்றப் பக்கங்களில் சுருக்கொப்பம் கலத்தின் நடுவில் தாராளமாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்திலும் அது அதே இடத்தில், அதே உயரத்தில். குறிப்புத்தான் அதற்கு இடம் விட்டுப் போகிறது. முதல் வரி “பட்டாதார் அனுபவத்தில் இல்லை” நல்ல பெரிய எழுத்து. இரண்டாம் வரி சின்னதாகிறது. மூன்றாம் வரி “நேரில் பார்த்தேன்” எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கி, கடைசி “தேன்” வலப்பக்கக் கோட்டின் மேல் ஏறி மேல்நோக்கி வளைகிறது. கீழே இடம் இல்லாததால்தான் மேலே போகிறது. கீழே இருப்பது சுருக்கொப்பம்.

யோசித்துப் பாருங்கள், குறிப்பை முதலில் எழுதியவர் காலியாக இருந்த கலத்தில் எழுதுகிறார். அவர் ஏன் நெருக்க வேண்டும்? சுருக்கொப்பத்தைக் கீழே தள்ளிப் போட்டிருப்பார். எழுத்து சுருக்கொப்பத்துக்குப் பயந்து ஒதுங்கினால், சுருக்கொப்பம் ஏற்கெனவே அங்கே இருந்தது என்றுதானே அர்த்தம்?

விஜயா அம்மா, உங்கள் எட்டு மாத அலைச்சல் எனக்குப் புரிகிறது இப்போது. ஒப்பத்துக்குப் பிறகு வந்த எழுத்துக்கு ஒப்பம் பொறுப்பில்லை.

பாரிமுனைக் குமாஸ்தா, 11 மார்ச், காலை 10.20

இது நல்ல பாயிண்ட். இதை அப்படியே வக்கீலிடம் சொல்லுங்கள். கோடு எங்காவது சுருக்கொப்பத்தை வெட்டுகிறதா?

நங்கநல்லூர் சீனு, 11 மார்ச், காலை 10.32

ஒரே இடத்தில். “நேரில்” என்பதில் வரும் ரகரத்தின் கால் சுருக்கொப்பத்தின் மேல் வளைவைத் தொடுகிறது. எது மேலே எது கீழே என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீலம்தான் மேலே என்று தோன்றியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஊதாதான் மேலே என்று தோன்றியது.

பாரிமுனைக் குமாஸ்தா, 11 மார்ச், காலை 10.50

அதை வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. கருமையாக இருக்கிற மைதான் எப்போதும் மேலே இருக்கிற மாதிரித் தெரியும், அது கண்ணின் ஏமாற்று. மயிலாப்பூர் தடய அறிவியல் துறையில் ஆவணப் பிரிவு இருக்கிறது, கோர்ட் உத்தரவோடுதான் ஏடு அங்கே போகும். அங்கேயும் வெட்டும் இடம் தெளிவாக இருந்தால்தான் சொல்வார்கள். “இந்த மை 1976-இல் எழுதியதா 1990-இல் எழுதியதா” என்று மட்டும் கேட்டு மனுப் போடாதீர்கள். பால்பாயிண்ட் மை ஒரு சில வருடத்தில் உலர்ந்து அடங்கிவிடும். அதற்குப் பிறகு முப்பது வருடம் போனதும் ஐம்பது வருடம் போனதும் ஒன்றுதான்.

கையெழுத்து ஒப்பீடு வேண்டுமென்றால் அதே ஆளின், அதே காலத்து, மறுக்க முடியாத எழுத்து வேண்டும். இன்று அவரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னால் பிரயோசனம் இல்லை, ஐம்பது வருடத்தில் கை மாறிப்போயிருக்கும். ஆள் இருக்கிறாரா என்பதே வேறு கேள்வி.

கோமளா, திருவல்லிக்கேணி, 11 மார்ச், மாலை 6.15

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே கண் போனவள் நான். நில விவகாரம் எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி மட்டும்: “இல்லை” என்று எழுதியிருப்பதில் “லை” எப்படி இருக்கிறது? லகரத்துக்கு முன்னால் இப்போது நாம் போடுகிற இணைக்கொம்பா, இல்லை பழைய யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருட்டிய கொம்பா?

நங்கநல்லூர் சீனு, 11 மார்ச், மாலை 6.31

இப்போது நாம் எழுதுகிற லைதான். ஏன்?

கோமளா, திருவல்லிக்கேணி, 11 மார்ச், மாலை 6.58

ணை, லை, ளை, னை நான்குக்கும், ணா, றா, னா வரிசைக்கும் இப்போதைய வடிவம் அரசாணையாக வந்தது 1978 அக்டோபரில். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் துதிக்கைதான் சொல்லிக்கொடுத்தார்கள். 1976-இல் வேலையில் இருந்த ஆர்.ஐ. அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னால் படித்தவர். அவர் கை தானாகத் துதிக்கைதான் போடும். உங்கள் கர்ணம் எப்படி எழுதியிருக்கிறார்?

நங்கநல்லூர் சீனு, 11 மார்ச், இரவு 9.05

போட்டோக்களைத் தேடினேன். புஞ்சைப் பக்கங்கள் முழுக்க வேர்க்கடலை, வேர்க்கடலை, வேர்க்கடலை. ஊரில் எல்லோரும் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள், கர்ணம் மட்டும் ஏட்டில் சுத்தத் தமிழ் எழுதியிருக்கிறார், வாழ்க. எல்லா “லை”யும் துதிக்கை! ஒன்று கூடப் புது வடிவம் இல்லை.

கர்ணம்தான் எழுதினார் என்று நான் முதல் நாள் சொன்னேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். இருபது பக்கத்தில் துதிக்கை போட்டவர் ஒரே ஒரு “இல்லை”க்கு மட்டும் கையை மாற்றமாட்டார்.

பழைய தாலுகா, 12 மார்ச், காலை 6.20

கோமளா அம்மா சொன்னது எனக்குப் புதிது. 38 வருடம் ஏடு பார்த்தேன், எழுத்தின் கொம்பைப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் புது வடிவத்தில்தான் எழுதுவார், 1978-க்கு ரொம்ப முன்னால். பெரியார் தொண்டர். ‘விடுதலை’ பத்திரிகையில் 1930-களிலிருந்தே அந்த எழுத்துத்தான். அதைப் படித்து வளர்ந்தவர்கள் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. மேலதிகாரி திட்டினாலும் மாற்றமாட்டார். அதனால் புது லை இருப்பதாலேயே 1978-க்குப் பிறகு எழுதியது என்று கோர்ட்டில் போய் நிற்காதீர்கள். எதிர்த்தரப்பு ஒரே ஒரு பழைய ‘விடுதலை’யைக் காட்டினால் போதும்.

கோமளா, திருவல்லிக்கேணி, 12 மார்ச், காலை 8.00

ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கமும் உண்டு: என் மாமியார் போன வருடம் வரை துதிக்கைதான். எழுத்தை வைத்து ஆளைப் பிரிக்கலாம், ஆண்டைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர் சீனு, 12 மார்ச், காலை 8.25

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் ‘விடுதலை’ சந்தா கட்டிப் படித்த ஒரே ஆள் பெரியப்பாதான். தாத்தாவோடு அவருக்கு முதல் சண்டையே திதி கொடுக்கமாட்டேன் என்றதில்தான் ஆரம்பம்.

அண்ணாநகர் பாலு, 12 மார்ச், காலை 8.27

ஆஹா!

பாரிமுனைக் குமாஸ்தா, 12 மார்ச், காலை 9.10

ஆஹா எல்லாம் வேண்டாம். தாலுகா ஏட்டில் பெரியப்பா எப்படி எழுதுவார்? அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் ஜட்ஜ் சிரிப்பார்.

பழைய தாலுகா, 12 மார்ச், காலை 9.40

அது முடியாத காரியம் இல்லை. கிராமக் கணக்கெல்லாம் அப்போது கர்ணத்தின் வீட்டுப் பரணில்தான் இருக்கும். 1980 நவம்பர் 14-இல் ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தார்கள். ஏடுகளை வாங்கி வைக்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு வீட்டில் ஏடுகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் தரமாட்டேன் என்று கதவைச் சாத்தினார்கள். நடுவில் யார் எதைத் தொட்டார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் “முடியும்” என்பது வேறு, “செய்தார்” என்பது வேறு. பெரியவரை இப்போதே குற்றவாளி ஆக்காதீர்கள், தம்பி.

நான் கேட்க நினைத்தது வேறு. அந்தச் சுருக்கொப்பம் ஆர்.ஐ. போட்டது என்று யார் சொன்னது? நாம் எல்லோரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஜமாபந்திக்கு முன் தாலுகா ஆபீஸில் இருந்தும் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கூட்டல் சரிபார்ப்பார்கள். அவர்களும் டிக் போட்டு, சுருக்கொப்பம் போட்டு, தேதி போடுவார்கள். நீங்கள் சொன்ன சிவப்பு டிக் கூட்டலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

சுருக்கொப்பத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஏட்டின் இரண்டு ஓரங்களைப் பாருங்கள். முதல் பக்கத்தில் “இந்த ஏட்டில் இத்தனை பக்கங்கள் உள்ளன” என்று சான்று இருக்கும். கடைசியில் மொத்தக் கூட்டல் இருக்கும். அங்கே முழுக் கையொப்பமும் பதவிப் பெயரும் முத்திரையும் இருக்கும். பதவி தெரிந்த கையொப்பத்தோடு சுருக்கொப்பத்தை ஒட்டிப் பாருங்கள்.

நங்கநல்லூர் சீனு, 29 மார்ச், இரவு 10.10

மறுபடியும் போனேன். டீ குடிக்கும் குமாஸ்தாவுக்கு இந்த முறை நானே பஜ்ஜி வாங்கிப் போனேன்.

முதல் பக்கத்துச் சான்று கரையானுக்குப் போய்விட்டது, முத்திரையின் பாதி வட்டம்தான் மிச்சம். கடைசிப் பக்கம் இருக்கிறது. மொத்தக் கூட்டலுக்குப் பக்கத்தில் நம்முடைய சுருக்கொப்பம், அதே ஊதா நீலம், 12-5-76. முன்னால் “கூட்டல் சரி” என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறு மையில், ஒரு முழுக் கையொப்பம், வருவாய் ஆய்வாளர் என்று முத்திரை, தேதி 14-5-76. முழுக் கையொப்பத்தின் முதல் எழுத்து சுருக்கொப்பத்தின் முதல் எழுத்து இல்லை. ஒன்று இடப்பக்கம் சாய்கிறது, ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. எனக்கே தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதாவது 12-ஆம் தேதி ஒருவர் கூட்டலைப் பார்த்துச் சுருக்கொப்பம் போட்டார். 14-ஆம் தேதி ஆர்.ஐ. கடைசிப் பக்கத்தில் கையொப்பம் போட்டார். ஆர்.ஐ.யின் கை எங்கள் பக்கத்திலேயே இல்லை.

“கூட்டல் சரி” எழுதிய கையும் “நேரில் பார்த்தேன்” எழுதிய கையும் ஒன்றா? இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நான் சொல்லத் தயாரில்லை. “கூட்டல்” என்பதில் லை இல்லை, சனியன்.

கூடவே ஒரு ஏமாற்றம். தாத்தா 1977-இல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க எடுத்த அடங்கல் நகல் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. குதித்தேன். அதில் குறிப்பு இல்லை என்றால் குறிப்பு பிறகு வந்தது என்று காட்டிவிடலாமே. பார்த்தால் அதில் சர்வே நம்பர், பரப்பு, பயிர் மட்டும்தான். குறிப்புக் கலத்தையே கர்ணம் நகல் எடுக்கவில்லை. எல்லாம் அவர் கையெழுத்தில், கீழே ஒரு “ஒப்பம்”. இந்த மாதிரி நகலில் பத்துப் பேர் எழுதியதும் ஒரே கையாகிவிடுகிறது.

பாரிமுனைக் குமாஸ்தா, 30 மார்ச், காலை 11.00

கடைசிப் பக்கத்தின் கலர் ஸ்கேன், உங்கள் பக்கம், அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். ஏட்டையே கோர்ட்டுக்கு வரவழைக்க மனுப் போடச் சொல்லுங்கள். ஜட்ஜே எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 73-ஆம் பிரிவு, இப்போது எண் மாறிவிட்டது. ஆனால் நிபுணர் கருத்து இல்லாமல் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லப் பொதுவாகத் தயங்குவார்கள்.

கடைசியாக ஒன்று, கோபிக்காதீர்கள். இந்தக் குறிப்பு யார் எழுதியது என்று தெரிந்தாலும் அடங்கல் உரிமை ஆவணம் ஆகாது. யார் பயிர் வைத்தார் என்பதற்கு மட்டும் சாட்சி. பத்திரமும் பட்டாவும் எங்கே?

நங்கநல்லூர் சீனு, 30 மார்ச், மதியம் 12.15

பட்டா தாத்தா பெயரில். அவர்கள் கேட்பதே அனுபவத்தைத்தான், அதனால்தான் இந்த மூன்று வரிக்கு இவ்வளவு பாடு.

தாம்பரம் விஜயா, 30 மார்ச், மதியம் 12.40

என் மனுவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய தாலுகா, 30 மார்ச், மதியம் 1.05

அம்மா, மன்னிக்க வேண்டும். இன்று மாலை எழுதுகிறேன்.

நங்கநல்லூர் சீனு, 13 ஏப்ரல், இரவு 11.20

குமாஸ்தா சார் சொன்ன “அதே காலத்து, மறுக்க முடியாத எழுத்து” மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் எழுத்துக்கு எங்கே போவேன் என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா பரணைக் காட்டினாள். அப்பா கல்யாணத்து மொய் நோட்டு, 1974. மொய் எழுத உட்கார்ந்தது பெரியப்பாதானாம்.

தூசி தட்டிப் பிரித்தேன். நாற்பது பக்கம். பெயர், ஊர், ரூபாய். பின்னால் செலவுக் கணக்கு: வாழைஇலை, வெற்றிலை, மாலை. லை கொட்டிக் கிடக்கிறது! முதல் பத்துப் பக்கம் துதிக்கை. பிறகு புது லை. பிறகு மறுபடி துதிக்கை. நடுவில் ஓரத்தில் “வரவு சரி” என்று ஒரு சுருக்கொப்பம் வேறு.

பெரியப்பா சாப்பிடப் போனபோது சின்னத்தாத்தா உட்கார்ந்து எழுதினார் என்கிறாள் அம்மா. இல்லை, சின்னத்தாத்தாதான் முதலில் உட்கார்ந்தார், பெரியப்பா பிறகுதான் வந்தார் என்கிறார் அத்தை. எந்தப் பக்கம் யார் எழுதியது என்று இரண்டு பேரும் நேற்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.